முகத்தின் மினுக்கம் சாம்பலாகும் இடம்

ஆழ்ந்த பழுப்பு நிறமுள்ள ஒருவரின் படத்தைக் கணினியில் திருத்தும்போது ஒரு குறை அடிக்கடி தலைகாட்டும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன மேடு என வெளிச்சம் பட்டு மினுங்க வேண்டிய இடங்களெல்லாம் மங்கிய சாம்பல் திட்டுகளாகக் கிடக்கும். ஆள் நேரில் நன்றாகத்தான் இருந்தார், படத்தில் மட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போலத் தெரிவார். இதைச் சரிசெய்யப் போய் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், சாம்பல் இன்னும் பரவும். கடைசியில் முகம் முழுவதையும் வெளுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமாகவும், மருதாணி இட்ட கை இன்னொரு நிறமாகவும் இருக்கும் கல்யாண ஆல்பங்களை நாம் எல்லோரும் புரட்டியிருக்கிறோம்.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், வெளுக்க வேண்டிய தேவையே வராது. ஒருவருடைய நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த முகத்துக்கு உரிய களையைக் கொண்டுவர முடியும்.

தோலில் விழும் வெளிச்சம் இரண்டு வழியாக நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஒரு சிறு பங்கு, மேல்பரப்பில் பட்ட கணமே தெறித்துவிடுகிறது. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு இப்படித் தெறிக்கும். தோல் கறுப்பா சிவப்பா என்பதற்கும் இந்த அளவுக்கும் சம்பந்தம் இல்லை. மீதி ஒளி தோலுக்குள் இறங்குகிறது. அங்கே மெலனின் என்னும் நிறமி நீலத்தை நிறையவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. ரத்தம் பச்சையை விழுங்குகிறது. இரண்டுக்கும் தப்பி வெளியே வருவது செம்பழுப்பு ஒளி. ஒருவருடைய நிறம் என்று நாம் சொல்வது உள்ளே போய்த் திரும்பிய இந்த ஒளியைத்தான்.

மேல்பரப்பில் தெறித்த ஒளிக்குத் தோலின் நிறம் ஒட்டுவதே இல்லை. எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் நிறத்தோடுதான் அது திரும்பும். குழல்விளக்கிலிருந்து வந்தால் வெள்ளை, திறந்த வானத்திலிருந்து வந்தால் நீலம். வெளிர் தோலில் உள்ளேயிருந்து வரும் ஒளியே ஏராளம் என்பதால் இந்தத் தெறிப்பு அதோடு கலந்து மறைந்துவிடும். கறுத்த தோலில் உள்ளேயிருந்து வருவது குறைவு, ஆகவே தெறிப்பு தனியாக எழுந்து நிற்கும். எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் மூலவரைக் கர்ப்பக்கிரக விளக்கொளியில் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கல்லின் நிறம் இருட்டோடு இருட்டாக இருக்கும். புருவமும் கன்னமும் உதடும் எங்கே வளைகின்றன என்று நமக்குக் காட்டுவது எண்ணெயின் மேல் ஓடும் ஒளிக்கோடுகள்தான். கறுத்த முகத்திலும் வடிவத்தைச் சொல்வது பெரும்பாலும் இந்தத் தெறிப்புதான். அதை அழித்தால் முகம் தட்டையாகிவிடும், தப்பாகக் கையாண்டால் சாம்பலாகிவிடும்.

தப்பு எங்கே நடக்கிறது? லைட்ரூம் போன்ற மென்பொருளில் `Highlights` என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. படத்தில் மிகப் பிரகாசமான பகுதிகளை மட்டும் அடக்குவது அதன் வேலை. நெற்றி மினுங்குவது உறுத்துகிறது என்று நினைத்து அதைப் பிடித்து −70, −80 வரை இழுத்துவிடுகிறோம். அங்கே இருந்தது நிறமற்ற ஒளி. நிறமற்ற ஒளி பிரகாசமாக இருக்கும்வரை அது நம் கண்ணுக்குப் பளபளப்பு. அதன் பிரகாசத்தை மட்டும் குறைத்தால் சாம்பல்தான் மிஞ்சும், ஏனென்றால் வெள்ளையும் சாம்பலும் வெவ்வேறு வெளிச்ச அளவில் ஒரே நிறம்தான். சுற்றிலும் செழித்த பழுப்பு, நடுவே நிறமில்லாத திட்டு. கண் அதை ஒளியாக எடுத்துக்கொள்ளாது, தோலில் ஏதோ படிந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

படமெடுக்கும்போதே வெளிச்சம் எல்லை மீறிப் போயிருந்தால் நிலைமை இன்னும் கடினம். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளைத் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. மூன்றும் உச்சியில் முட்டிக்கொண்ட இடத்தில் நிறம் பற்றிய தகவல் எதுவும் மிச்சம் இருக்காது. ஒன்றோ இரண்டோ முட்டியிருந்தால், ரா ஃபைலைத் திறக்கும் மென்பொருள் மீதியை வைத்து ஊகித்து நிரப்பும். அந்த ஊகம் பெரும்பாலும் நிறமற்றதாகத்தான் அமையும். ஜேபெக் படமாக இருந்தால் ஊகிக்கக்கூட வழியில்லை. அதனால் கறுத்த முகத்தைப் படமெடுக்கும்போது நெற்றியின் பளபளப்பு உச்சியை முட்டாதபடி பார்த்துக்கொள்வதும், ரா ஃபைலாக எடுப்பதும் பிறகு வரும் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

இதில் கருவிகளின் பங்கும் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை எல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் முகம் மட்டும் நிறையும் படத்தில் கறுத்த தோலை அது தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். வண்ண ஃபிலிம் காலத்துக் கதை இன்னும் வேதனையானது. கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். பல ஆண்டுகள் அந்தத் தோல் நிறம்தான் அளவுகோலாக இருந்தது. பழுப்பின் வேறுபாடுகளை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்ட பிறகே கோடாக் அதில் அக்கறை காட்டத் தொடங்கியது என்பதைக் கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். 2021இல் கூகுள் தன் பிக்ஸல் 6 கைபேசியில் ‘ரியல் டோன்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது இந்தப் பழைய சாய்வைச் சரிசெய்யத்தான். கருவி எவ்வளவு மாறினாலும், படத்தைத் திருத்த உட்காருபவரின் கண்ணும் கையும் மாறாவிட்டால் பலன் இல்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அறுபதை நெருங்கும் ஓர் ஆசிரியை. தென்காசிப் பக்கத்து வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காலைப் பத்தரை மணி, நேர் வெயில் இல்லை, எதிரே திறந்த வானம். கடுகு நிறப் பருத்திச் சேலை, தலையில் மல்லிகை. தரை பழைய சிவப்பு ஆக்சைடு பூச்சு. மணிவிழா அழைப்பிதழில் போடுவதற்காக எடுத்த படம். முதல் திருத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் மகள் சொன்னது: “அண்ணா, அம்மா முகம் ஏதோ சாம்பல் அடிச்ச மாதிரி இருக்கே. கலரை ஏத்த வேண்டாம், எங்கம்மா கலர் இதுதான். ஆனா இந்தச் சாம்பல் மட்டும் போகணும்.” இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் சொல்லிவிட முடியாது.

முதலில் அந்தச் சாம்பலைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் எண்ணாலும் பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் `Info` பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு சுட்டியை முகத்தின் மேல் நகர்த்தினால், அந்தப் புள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரையிலான எண்ணில் காட்டும். ஆரோக்கியமான பழுப்புத் தோலில் எப்போதும் சிவப்பு மேலே, பச்சை நடுவே, நீலம் கீழே இருக்கும். ஆசிரியையின் கன்னத்தில் வெளிச்சம் இதமாகப் படும் இடத்தில் 148, 106, 86 என்று காட்டியது. வரிசை சரி, சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 62 இடைவெளி. நெற்றித் திட்டில் காட்டியது 178, 184, 194. வரிசையே தலைகீழாகிவிட்டது. சிவப்பு அடியில், நீலம் உச்சியில். முதல் திருத்தத்தில் `Highlights` −70இல் இழுத்துவிடப்பட்டிருந்தது, கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் நீல வானத்தின் சாயலை முழுதாக நீக்கவில்லை. இரண்டும் சேர்ந்து செய்த வேலை இது.

ஆகவே முதல் காரியம், `Highlights` ஸ்லைடரை −15க்குத் திரும்பக் கொண்டுவந்து பளபளப்புக்கு அதன் பிரகாசத்தைத் திருப்பிக் கொடுப்பது. அடுத்தது ஒயிட் பேலன்ஸ். நிழலில் எடுத்த படத்துக்கு `Temp` அளவை 5200இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது? இங்கே மல்லிகைதான் வழிகாட்டி. அதன் இயல்பான பாலாடை வெள்ளை எந்த இடத்தில் வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இந்தப் படத்தில் அது 6100இல் வந்தது. அதற்கு மேல் போனால் நெற்றிச் சாம்பல் குறையும்தான், ஆனால் பூ வாடியது போல மஞ்சளாகும், கண்ணின் வெண்மை மஞ்சளாகும், கன்னம் ஆரஞ்சாகும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நெற்றியைச் சரிசெய்வதற்காக முழுப் படத்தையும் மஞ்சளில் முக்கிவிடுகிறார்கள்.

முழுப் படத்துக்கும் ஒரே அளவு ஏன் போதாது என்றால், அந்தத் திண்ணையில் இரண்டு வெளிச்சங்கள் இருந்தன. நெற்றியிலும் மூக்கின் மேற்புறத்திலும் விழுந்தது வானத்தின் நீல ஒளி. மோவாயின் அடியிலும் கழுத்திலும் விழுந்தது சிவப்புத் தரையில் பட்டு எழும்பிய வெதுவெதுப்பான ஒளி. ஒன்றுக்கு ஏற்றது மற்றதுக்குப் பொருந்தாது. ஆகவே மீதி வேலையை அந்தந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். ஒயிட் பேலன்ஸ் முடிந்தபோது கன்னம் 158, 108, 80 ஆகவும், நெற்றித் திட்டு 188, 190, 194 ஆகவும் இருந்தன. நீலம் பெரும்பாலும் போய்விட்டது, சாம்பல் இன்னும் இருந்தது.

இப்போது அந்தத் திட்டுக்கு நிறம் கொடுக்க வேண்டும், அதன் வெளிச்சத்தைத் தொடாமல். போட்டோஷாப்பில் புதிய லேயர் ஒன்றைத் திறந்து அதன் கலப்பு முறையை `Color` என்று மாற்றினால் போதும். அந்த லேயரில் பூசுவது கீழே உள்ள படத்தின் நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும். எந்த நிறத்தைப் பூசுவது என்பதற்குப் படத்திலேயே விடை இருக்கிறது. வேறு எங்கிருந்தோ அழகான பழுப்பைக் கொண்டுவரக் கூடாது. திட்டுக்குப் பக்கத்திலேயே, வெளிச்சம் பட்டும் பளபளக்காத தோலிலிருந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அந்தக் கன்னத்து 158, 108, 80தான். மென்மையான ஓரம் கொண்ட பெரிய பிரஷ்ஷால் நெற்றித் திட்டின் மேல் முழுதாகப் பூசியபோது அது 228, 178, 150 ஆனது. வெளிச்சம் மாறவில்லை, ஆனால் செம்பு பூசியது போல ஆரஞ்சாகிவிட்டது. இது எதிர்பார்த்ததுதான். லேயரின் `Opacity` அளவை 35க்குக் குறைத்ததும் திட்டு 202, 186, 179இல் வந்து நின்றது. சிவப்பு மேலே, நீலம் கீழே, இடைவெளி 23. கன்னத்தின் 78 அளவுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. பளபளப்பில் நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், அதுதான் இயற்கை. என் அனுபவத்தில், பெரிய பளபளப்புப் பகுதிகளில் இந்த இடைவெளி 15க்குக் கீழே போனால் சாம்பல் எட்டிப் பார்க்கும், 40ஐத் தாண்டினால் வெண்கலச் சாயம் தெரியும். இது விதி அல்ல, ஆளுக்கு ஆள், விளக்குக்கு விளக்கு மாறும். கண் சோர்ந்துபோன நேரத்தில் பிடித்துக்கொள்ள ஓர் அளவு, அவ்வளவுதான்.

ஓர் இடத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் கடுகளவு உச்சிப் பொட்டுகள் இருக்கும், கண்ணின் கருவிழியில் இருப்பது போல. ஆசிரியையின் மூக்கு நுனியில் 240, 238, 236. அதற்கு நிறம் பூசினால் முகத்தின் ஈரப்பசையே போய், மெழுகு பொம்மையின் சாயல் வந்துவிடும். நிறமற்றது எல்லாமே குறை அல்ல. சிறியதாகவும் உண்மையிலேயே பிரகாசமாகவும் இருக்கும்வரை நிறமற்ற ஒளி அழகுதான். பரப்பில் பெரிதாகி, பிரகாசத்தில் குறைந்தால்தான் அது சாம்பல்.

போட்டோஷாப் இல்லாதவர்கள் லைட்ரூமிலேயே இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்யலாம். `Masking` பகுதியில் `People` வழியாக `Face Skin` என்பதைத் தேர்ந்து, அதை `Luminance Range` உடன் வெட்டிக்கொண்டால் முகத்தின் பிரகாசமான பகுதி மட்டும் பிடிபடும். அங்கே `Temp` கொஞ்சம் ஏற்றி, `Tint` சிறிது இளஞ்சிவப்புப் பக்கம் தள்ளினால் சாம்பல் கரையும். கைபேசியில் `Snapseed` வைத்திருப்பவர்கள் அதன் பிரஷ் கருவியில் வெப்பநிலையை மெல்லக் கூட்டி, நெற்றியை விரலால் தடவலாம். துல்லியம் குறையும், ஆனால் போகும் திசை சரியானதே.

சாம்பல் போய்விட்டது. இனி களை. இங்கேதான் ரசனை வேலை செய்கிறது, இங்கேதான் பழக்கதோஷமும் கெடுக்கிறது. களை என்றதும் எல்லோர் கையும் வெள்ளைப் பிரஷ்ஷுக்குப் போகும். ஒரு புள்ளியை வைத்து அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். தோல் 120, 80, 60 இருக்கும் இடத்தில் வெள்ளையைப் பத்து சதவீதம் மட்டும் பூசினால் 134, 98, 80 ஆகும். அதே இடத்தை `Exposure` வழியாகச் சிவப்பு அதே 134க்கு வரும்வரை ஏற்றினால் மற்ற இரண்டும் ஏறத்தாழ 89, 67இல் நிற்கும். சிவப்பு இரண்டிலும் ஒன்றுதான். முதல் வழியில் நீலம் 20 ஏறியிருக்கிறது, இரண்டாவதில் 7தான். வெள்ளைப் பிரஷ் மூன்று நிறங்களையும் வெள்ளையை நோக்கி இழுக்கிறது. எது வெகு தொலைவில் இருக்கிறதோ, அதாவது நீலம், அதுதான் அதிகம் நகரும். கறுத்த தோலில் அந்தத் தொலைவும் அதிகம். பவுடர் அப்பிய தோற்றம் வருவது இதனால்தான். `Exposure` ஏற்றும்போது மூன்றும் ஒரே விகிதத்தில் பெருகுகின்றன, விளக்கை முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தால் என்ன நடக்குமோ அதற்கு நெருக்கமாக. பழுப்பு பழுப்பாகவே ஒளிரும்.

எங்கே ஏற்றுவது என்பது அடுத்த கேள்வி. பளபளப்பின் உச்சியை ஏற்றத் தேவையில்லை, அது ஏற்கனவே பிரகாசம்தான். நிழலையும் ஏற்றக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, பளபளப்பு மெல்லக் கரைந்து தோலாக மாறும் ஓரப் பட்டைதான் களை குடியிருக்கும் இடம். ஆசிரியையின் முகத்தில் கன்ன மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பிறை வடிவம், புருவங்களுக்கு மேலே ஒரு பட்டை, மூக்கின் இரு பக்கச் சரிவு, மோவாயின் நடு. இந்த இடங்களில் தாராளமாக ஓரம் மங்கவிட்ட பிரஷ்ஷால் `Exposure` +0.25. சிறிய அளவுதான், ஆனால் அந்தப் பட்டை வெளிச்சமானதும் பளபளப்பு தோலின் மேல் ஒட்டவைத்தது போல இல்லாமல் தோலிலிருந்தே எழுவது போலத் தெரிய ஆரம்பிக்கும். அதோடு, காதை ஒட்டிய பக்கவாட்டையும் தாடையின் கீழ்வளைவையும் −0.15 இருட்டாக்கினால் நடு முகம் இன்னும் முன்னே வரும். முகத்தின் மொத்த வெளிச்சம் ஏறவே இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் முகம் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். `Shadows` ஸ்லைடரை +60, +70 என்று தூக்குவது கறுத்த முகத்துக்கு இன்னொரு சாம்பலைக் கொண்டுவரும். நிழலில் கேமரா பதிவு செய்த நிறத் தகவல் குறைவு, புள்ளி இரைச்சல் அதிகம். அதைத் தூக்கும்போது நிறம் வராது, சேறு கலந்தது போன்ற மங்கல்தான் வரும். ஆழமான இருட்டு ஓரளவு இருக்கட்டும். பக்கத்தில் இருட்டு இருந்தால்தான் ஒளி ஒளியாகத் தெரியும்.

சில நேரம் சாம்பல் படத்தில் வந்தது அல்ல, முகத்திலேயே இருந்திருக்கும். சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், பவுடர் பலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. சன்ஸ்கிரீனில் புற ஊதாக் கதிரைத் தடுக்கவும், ஒப்பனையில் தோலை மறைக்கவும் சேர்க்கப்படும் வெள்ளைத் தூள் அது. கறுத்த தோலின் மேல் மெல்லப் படிந்தால் சாம்பல் நீலமாகத் தெரியும், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஒளியால் வந்த சாம்பல், பளபளக்கும் மேடுகளில் மட்டும் இருக்கும், ஆள் தலையைத் திருப்பினால் அடுத்த படத்தில் இடம் மாறியிருக்கும். ஒப்பனையால் வந்தது, கன்னத்தின் நிழல் பகுதியிலும் கண்ணுக்கு அடியிலும் பரவி, தாடைக் கோட்டில் சட்டென்று முடியும், எந்தப் படத்திலும் நகராது. பின்னதற்குப் பளபளப்பை மட்டும் திருத்திப் பலனில்லை. முகம் முழுவதும் கழுத்தின் நிறத்தை `Color` லேயரில் மெல்லிய அளவில் பூசவேண்டியிருக்கும். அதைவிட, படமெடுக்கும் முன்பே ஒப்பனைக்காரரிடம் முகத்தையும் கழுத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்வது நல்லது.

படமெடுக்கும் இடத்திலேயே செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. கறுத்த தோலுக்குப் பவுடர் போட்டுப் பளபளப்பை அடக்குவதுதான் நம் ஸ்டுடியோக்களின் வழக்கம். ஹாலிவுட்டில் இதற்கு எதிர்த் திசையில் போனவர்கள் நல்ல படங்களைத் தந்திருக்கிறார்கள். 2016இல் வந்த ‘மூன்லைட்’ படத்தில் இயக்குநர் பேரி ஜென்கின்ஸும் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டனும் நடிகர்களின் தோலை மினுங்கவே விட்டார்கள். ‘இன்செக்யூர்’ தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்காஃப்ஸ்கி, நடிகர்களின் தோலில் ஈரப்பசை இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விளக்கை நேராக அடிக்காமல் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பவிட்டு, போலரைசர் வடிகட்டியால் பளபளப்பின் அளவைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். விளக்குப் பரப்பு பெரிதானால் பளபளப்பும் பரந்து, மென்மையாகி, உச்சியில் முட்டாமல் நிற்கும். வீட்டில் இதற்கு ஒரு வெள்ளை வேட்டியைச் சன்னலுக்குக் குறுக்கே கட்டினாலே போதும். ஆசிரியையின் திண்ணையிலும், வானம் தெரியும் பக்கம் இளமஞ்சள் துணி ஒன்றைக் கட்டியிருந்தால், நெற்றியில் நீலத்துக்குப் பதில் அந்த வெதுவெதுப்பே தெறித்திருக்கும்.

திருத்தி முடித்த படத்தைச் சரிபார்க்கச் சில வழிகள். படத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் சாம்பல் மிச்சம் இருக்கிறதா என்று உடனே தெரியும், ஏனென்றால் நுணுக்கங்கள் மறைந்து திட்டுகள் மட்டும் கண்ணில் படும். பிறகு முகத்தை விட்டுவிட்டுக் கையையும் காதையும் கழுத்தையும் பார்க்க வேண்டும். அவை முகத்தோடு ஒரே ஆளுக்கு உரியவையாகத் தெரிகின்றனவா? ஆசிரியையின் மடியில் கோத்திருந்த கைகள் முகத்தைவிடச் சற்றுக் கறுத்திருந்தன, நேரிலும் அப்படித்தான். முகத்தை ஏற்றிய அளவு +0.25க்கு மேல் போகாததால் இரண்டும் ஒட்டி நின்றன. கைபேசியில் பார்ப்பதாக இருந்தால், திரையின் கண் பாதுகாப்பு மஞ்சள் முறையை அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்போது சாம்பல் மறைந்தது போலத் தோன்றும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் திரை முறையில் பழுப்பு ஆரஞ்சாகத் தெரிந்து, நம்மை அளவுக்கு மேல் நிறத்தைக் குறைக்க வைக்கும்.

அச்சுக்குப் போகும் படத்துக்கு இன்னும் ஒரு கணக்கு. பல அச்சுத் தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள், அதனால் தாளே லேசாக நீலம் பாய்ந்திருக்கும். பளபளப்பு இருக்கும் இடத்தில் மை குறைவாகத்தான் விழும், தாளின் நீலம் அங்கே எட்டிப் பார்க்கும். திரையில் 23 இடைவெளியோடு இதமாக இருந்த நெற்றி, மங்கிய தாளில் மறுபடி சாம்பலாகும் வாய்ப்பு உண்டு. அழைப்பிதழுக்கு மேட் தாள் என்பதால் ஆசிரியையின் படத்தில் அந்த `Color` லேயரை மட்டும் 35இலிருந்து 45க்கு ஏற்றி, இடைவெளியை 32 ஆக்கி அனுப்பினோம். முழு அளவில் அச்சிடும் முன், நெற்றியும் கன்னமும் மட்டும் வரும்படி ஒரு துண்டு அச்சிட்டுத் தரும்படி அச்சகத்தில் கேட்டோம். அந்தத் துண்டைக் குழல்விளக்கின் கீழே பார்க்காமல், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் மகளிடம் காட்டினோம். அவர் அதை அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பார்த்தார். “இது சரி. இதையே போட்டுடுங்க அண்ணா” என்றார்.